சாயங்காலம் தெரிந்ததை வைத்துக் காலையிலேயே வாங்கிவிடும் பேக்டெஸ்ட்

போன மாதம் நம்ம சேனல் பார்க்கிற ஒருவர் எனக்கு ஒரு எக்ஸெல் ஃபைல் அனுப்பியிருந்தார். வயது 46, கோயம்புத்தூர் பக்கம் ஒரு மில்லில் பராமரிப்புப் பிரிவில் வேலை. ஃபைலில் இருந்தது ஒரு பேங்க் பங்கின் பத்து வருஷத்து விலை, அதோடு ஒரே ஒரு விதி. விலை 20 நாள் சராசரிக்கு மேலே முடிந்தால் பங்கை வைத்திருக்கணும், கீழே முடிந்தால் விற்றுவிட்டுப் பணமாக இருக்கணும். அவ்வளவுதான். அவர் கணக்குப்படி 5 லட்ச ரூபாய் பத்து வருஷத்தில் ஒரு கோடியைத் தாண்டியிருந்தது.

"மேடம், ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க. சரியா இருந்தா ஜூலையில வேலையை விட்டுடலாம்னு இருக்கேன். பிஎஃப் பணம், கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து இதுல போட்டுடுவேன்" என்று கீழே எழுதியிருந்தார்.

கடைசி வரியைப் படித்ததும் அன்றைக்குச் செய்யவேண்டிய ஜிஎஸ்டி வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு ஃபைலைத் திறந்தேன். ஃபார்முலா எல்லாம் நேர்த்தி. சராசரி சரி, விலை சரி, கூட்டல் சரி. தப்பு ஒரே ஒரு இடத்தில்தான், அதுவும் ஒரே ஒரு வரிசை எண்ணில். `=D4*E5` என்று இருக்கவேண்டிய இடத்தில் `=D5*E5` என்று இருந்தது.

இந்த ஒரு எண் ஒரு கோடியை என்ன செய்யும் என்பதுதான் இன்றைய பதிவு. அவருடைய ஃபைலில் ஆயிரக்கணக்கான வரிசை இருப்பதால், அதே விதியைச் சின்னதாக்கி, நானே போட்ட எட்டு நாள் விலையை வைத்துச் சொல்கிறேன். 20 நாள் சராசரிக்குப் பதில் 3 நாள் சராசரி.

| நாள் | முடிவு விலை | 3 நாள் சராசரி | சிக்னல் |
|---|---|---|---|
| 1 | 100 | | |
| 2 | 99 | | |
| 3 | 98 | 99.00 | 0 |
| 4 | 102 | 99.67 | 1 |
| 5 | 103 | 101.00 | 1 |
| 6 | 104 | 103.00 | 1 |
| 7 | 100 | 102.33 | 0 |
| 8 | 99 | 101.00 | 0 |

அவர் போட்ட மாதிரியே, அன்றைய சிக்னலை அன்றைய ஏற்ற இறக்கத்தோடு பெருக்குவோம். நாலாம் நாள் சிக்னல் 1, விலை 98-லிருந்து 102-க்குப் போனது, ஆக 4 ரூபாய் லாபம். ஐந்தாம் நாள் 1 ரூபாய், ஆறாம் நாள் 1 ரூபாய். ஏழாம் நாள் சிக்னல் 0, அதனால் அன்றைய 4 ரூபாய் இறக்கம் நம்மைத் தொடவே இல்லை. மொத்தம் 6 ரூபாய் லாபம். 98-க்கு வாங்கி 104-க்கு விற்றதாகக் கணக்கு.

இப்போ நிதானமா யோசிங்க. நாலாம் நாள் சிக்னல் 1 ஆனது எதனால்? அன்றைக்கு விலை 102-ல் முடிந்ததனால். அது எப்போ தெரியும்? அன்றைக்குச் சந்தை மூடின பிறகு. ஆனா 98 ரூபாய் என்பது மூன்றாம் நாள் சாயங்கால விலை. மூன்றாம் நாள் சாயங்காலம் உங்க கையில் இருந்த சிக்னல் 0. அப்போ வாங்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. 102 வந்த பிறகுதான் "98-க்கே வாங்கிட்டேன்" என்று அந்த ஃபைல் சொல்கிறது. வெளியே வந்த கதையும் அப்படித்தான். ஏழாம் நாள் விழுந்த பிறகு, "ஆறாம் நாளே 104-க்கு வித்துட்டேன்" என்கிறது.

நிஜத்தில் என்ன நடந்திருக்கும்? நாலாம் நாள் முடிவைப் பார்த்து 102-க்கு வாங்கியிருப்போம். ஐந்தாம் நாள் 1 ரூபாய், ஆறாம் நாள் 1 ரூபாய் லாபம். ஏழாம் நாள் காலையில் கையில் இருப்பது ஆறாம் நாள் சிக்னல், அது இன்னும் 1. அதனால் அந்த 4 ரூபாய் இறக்கத்தை முழுசா வாங்கிக்கொண்டு 100-ல் வெளியே வந்திருப்போம். மொத்தம் 2 ரூபாய் நஷ்டம். விதி ஒன்றுதான், விலையும் ஒன்றுதான். ஒரு கணக்கில் 6 ரூபாய் லாபம், இன்னொன்றில் 2 ரூபாய் நஷ்டம்.

"ஒரு நாள் முன்னே பின்னே, இதுல என்ன மேடம் பெருசா வந்துடப் போகுது?" என்று அவரும் கேட்டார். எல்லா நாளும் ஒரே மாதிரி நாளாக இருந்தால் அது நியாயமான கேள்விதான். ஆனா சிக்னல் மாறுகிற நாள் சாதாரண நாள் இல்லை. சராசரிக்குக் கீழே கிடந்த விலை மேலே வந்து முடிகிறது என்றால், அன்றைக்கு விலை ஏறியிருக்கணும். கிட்டத்தட்ட எப்போதுமே அப்படித்தான். மேலே இருந்த விலை கீழே போய் முடிந்தால் அன்றைக்கு இறங்கியிருக்கணும். ஆக அந்தத் தப்பான ஃபார்முலா, உள்ளே வரும்போதெல்லாம் ஒரு ஏற்ற நாளை இனாமாகத் தருகிறது. வெளியே போகும்போதெல்லாம் ஒரு இறக்க நாளை மறைத்துவிடுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு பரிசு.

அந்தப் பரிசு எவ்வளவு பெரிசு என்று ஒரு கணக்குப் போடலாம். உள்ளே வருகிற நாளில் 1%, வெளியே போகிற நாளில் 1% என்று வையுங்கள். ஒரு சுற்றுக்கு 2%. வருஷத்துக்கு 10 சுற்று. 1.02-ஐ பத்து தடவை பெருக்கினால் 1.219, அதாவது வருஷத்துக்கு சுமார் 22%. பத்து வருஷத்துக்கு 100 சுற்று, 7.24 மடங்கு. நிஜத்தில் ஒரு பைசாகூடச் சம்பாதிக்காத விதி, 1 லட்சத்தை 7 லட்சத்து 24 ஆயிரம் ஆக்கியதாகக் காட்டும். ஒரு பேங்க் பங்கில் ஒரு நாள் நகர்வு பல சமயம் 1 சதவீதத்துக்கு மேலேயே இருக்கும், வருஷத்து சுற்றும் 10-ஐத் தாண்டலாம். ஒரு கோடி எங்கிருந்து வந்தது என்று இப்போ புரிந்திருக்கும்.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கு. சுற்று கூடக் கூடப் பரிசும் கூடும். அதனால் இந்தத் தப்பு உள்ள ஃபைலில் சராசரியின் நாளைக் குறைக்கக் குறைக்க லாபம் பிரமாதமாக ஏறும். 50 நாளைவிட 20 நாள் நல்லா இருக்கும், 20-ஐவிட 5 நாள் அட்டகாசமா இருக்கும். "ஆப்டிமைஸ்" பண்ணுகிறேன் என்று உட்காருகிறவரை அந்தத் தப்பே கையைப் பிடித்து, அதிகமாக வாங்கி விற்கிற, அதிகமாகப் புரோக்கரேஜும் வரியும் கட்டுகிற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். நம்ம நண்பர் ஏற்கெனவே 50-லிருந்து 20-க்கு வந்திருந்தார், அடுத்து 10 நாள் பார்க்கப் போவதாக எழுதியிருந்தார்.

திருத்தம் சின்னதுதான். எக்ஸெலில் D பத்தியில் சிக்னல், E பத்தியில் அன்றைய மாற்றம் என்றால், ஐந்தாம் வரிசையின் லாபம் `=D4*E5`. நேற்றைய முடிவு, இன்றைய மாற்றம். பைத்தானில் எழுதுகிறவர்களுக்கு:

```python
df["ret"] = df["close"].pct_change()
df["sma"] = df["close"].rolling(20).mean()
df["sig"] = (df["close"] > df["sma"]).astype(int)

df["pos"] = df["sig"].shift(1).fillna(0)
df["pnl"] = df["pos"] * df["ret"]
```

`shift(1)` அந்தப் பத்தி முழுவதையும் ஒரு வரிசை கீழே தள்ளுகிறது. கடைசி வரியில் `pos` இருக்கிற இடத்தில் `sig` இருந்தால் அதுதான் நண்பர் செய்த தப்பு. சிக்னலுக்கும் பொசிஷனுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருப்பது அழகுக்காக இல்லை. சிக்னல் என்பது நான் அறிந்தது, பொசிஷன் என்பது நான் வைத்திருப்பது. இரண்டையும் ஒரே பத்தியில் வைக்கும்போதுதான் இந்தக் குழப்பமே ஆரம்பிக்கிறது.

எங்க தொழிலில் இதற்குப் பழைய பேர் ஒன்று இருக்கு: கட்-ஆஃப். ஆர்ட்டிகிள்ஷிப் பண்ணும்போது முதல் மாதமே கற்றுத் தருவார்கள். ஏப்ரல் 2-ம் தேதி லாரி ஏறின சரக்கை மார்ச் 31 விற்பனையில் காட்டியிருக்கிறார்களா என்று டெலிவரி சலானையும் இன்வாய்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும். தொகை நிஜம், சரக்கு நிஜம், வாங்கின ஆளும் நிஜம். தேதி மட்டும் பொய். நண்பர் ஃபைலில் இருந்ததும் அதேதான். வித்தியாசம் என்னன்னா, ஒரு கம்பெனி அதை வருஷக் கடைசியில் ஒரு தடவை செய்யும். இந்த ஃபார்முலா ஒவ்வொரு சிக்னலுக்கும் செய்கிறது.

திருத்தி அனுப்பினேன். ஒரு கோடி போய், செலவு எதுவும் கழிக்காமலே 7 லட்சத்துச் சொச்சம் வந்தது. 5 லட்சத்தை 6% வட்டியில் பேங்கில் போட்டிருந்தாலே பத்து வருஷத்தில் 8 லட்சத்து 95 ஆயிரம் ஆகியிருக்கும்.

அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. நல்ல எதிர்க்கேள்வி ஒன்று கேட்டார். "நான் ஏன் சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கணும்? 3:25-க்கே விலை தெரிஞ்சிடுமே, அப்பவே வாங்கிடுவேன். அப்போ அன்னைக்குக் கணக்கு சரிதானே?"

இல்லை. 3:25-க்கு வாங்கினாலும் நீங்கள் வாங்குவது 102 பக்கத்தில்தான். 98 நேற்றே போய்விட்டது. அதாவது 3:25-க்கு வாங்குவது என்பதே `shift(1)` போட்ட கணக்குத்தான். ரொம்பப் பேர் இங்கேதான் குழம்புகிறார்கள். ஒரு நாள் தள்ளுவது என்றால் ஒரு நாள் தாமதமாக வாங்குவது என்று நினைக்கிறார்கள். இன்றைய முடிவு விலையில் வாங்கினால், முதல் லாபமோ நஷ்டமோ நாளைக்குத்தான் வரும். அதைச் சொல்வதற்குத்தான் அந்த ஒரு வரிசை.

உண்மையைச் சொன்னால் `shift(1)` போட்ட கணக்கேகூடக் கொஞ்சம் தாராளமானது. 102-ல் முடிந்தது என்று தெரிந்த அதே நொடியில், அதே 102-க்கு வாங்கியதாக அது வைத்துக்கொள்கிறது. என்எஸ்இ-யில் பல வருஷமாக ஒரு பங்கின் முடிவு விலை என்பது கடைசி வர்த்தகத்தின் விலையாக இருந்ததில்லை. கடைசி அரை மணி நேரத்தில் நடந்த வர்த்தகங்களின் எடையிட்ட சராசரியாகவே இருந்துவந்தது. 3:25-க்குத் திரையில் ஓடுகிற விலை வேறு, பிறகு பதிவாகிற முடிவு விலை வேறு. சராசரிக்கு ரொம்ப மேலே இருக்கிற நாளில் இது ஒன்றும் செய்யாது. கோட்டை ஒட்டி இருக்கிற நாளில் 3:25-க்கு "வாங்கு" என்று சொன்ன சிக்னல், முடிவில் "வாங்காதே" ஆகிவிடலாம். சிக்னல் மாறுகிற நாட்களில் பல அப்படிக் கோட்டை ஒட்டித்தானே இருக்கும்! 3:20-க்கு முடிவெடுக்கிறவர், 3:20 விலையை வைத்து சிக்னல் போட்டுப் பார்க்கணும். அதற்கு நிமிடவாரி டேட்டா வேணும்.

அது இல்லாதவர்களுக்கு நான் சொல்வது, மறுநாள் காலைத் தொடக்க விலையில் வாங்குவதாகக் கணக்குப் போடுங்கள். நம்ம எட்டு நாள் பங்கு ஐந்தாம் நாள் காலை 102.50-ல் தொடங்கியது, எட்டாம் நாள் காலை 99.50-ல் தொடங்கியது என்று வைத்துக்கொண்டால், வாங்கியது 102.50, விற்றது 99.50, நஷ்டம் 3 ரூபாய். கோடில் இதைச் செய்யும்போது ஒரு இடத்தில் கவனம் வேணும். தொடக்க விலையிலிருந்து தொடக்க விலைக்கு மாற்றத்தை எடுத்தால் தள்ளல் இரண்டு வரிசை.

```python
df["ret_open"] = df["open"].pct_change()
df["pnl"] = df["sig"].shift(2).fillna(0) * df["ret_open"]
```

ஏன் இரண்டு? புதன்கிழமை வரிசையில் இருக்கிற மாற்றம், செவ்வாய் காலையிலிருந்து புதன் காலை வரைக்கும் நடந்தது. அது நமக்குக் கிடைக்கணும் என்றால் செவ்வாய் காலையில் வாங்கியிருக்கணும். அதற்கு முன்னால் கடைசியாகத் தெரிந்த முடிவு விலை திங்கட்கிழமையுடையது. எண்ணை மனப்பாடம் பண்ணாதீங்க. இந்த வரிசையின் லாபம் எந்த நேரத்தில் ஆரம்பிக்கிறது, அந்த நேரத்துக்கு முன்னால் எனக்கு என்ன தெரியும் என்று ஒவ்வொரு தடவையும் விரல் விட்டு எண்ணுங்க. பேக்டெஸ்டுக்கென்றே இருக்கிற சில மென்பொருள்கள் தாங்களாகவே அடுத்த பார் தொடக்கத்தில் ஆர்டரை நிறைவேற்றும். அங்கே நீங்களும் ஒரு `shift(1)` போட்டால் இரண்டு நாள் தாமதம். அதுவும் தப்புத்தான், ஆனா உங்களை ஏழையாகக் காட்டுகிற தப்பு. அதனால் யாருடைய வேலையும் போகாது.

சரி, அடுத்தவர் காட்டுகிற பேக்டெஸ்டில் இந்தத் தப்பு இருக்கா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் முதலில் செய்வது தள்ளலை 0, 1, 2, 3 என்று மாற்றிப் பார்ப்பது. ஒரு விதிக்கு நிஜமாகவே சரக்கு இருந்தால், ஒரு நாள் தாமதத்தில் லாபம் கொஞ்சம் தேயும், அவ்வளவுதான். 0-க்கும் 1-க்கும் நடுவில் மலையும் மடுவுமாக இருந்து, 1, 2, 3 மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், லாபம் முழுக்க அந்த ஒரு நாள் பரிசில் இருந்திருக்கிறது.

இன்னொரு சோதனை: விலைக்குப் பதில் எந்த அர்த்தமும் இல்லாத எண்களைக் கொடுங்கள். எக்ஸெலில் மாற்றத்துக்கான பத்தியில் `=NORM.INV(RAND(),0,0.01)` என்று போட்டு, அதிலிருந்து விலையை உருவாக்குங்கள். இந்த "பங்கில்" எந்த விதியாலும் ஜெயிக்க முடியாது. F9-ஐ அழுத்தும்போதெல்லாம் கோடு ஒரு தடவை மேலே, ஒரு தடவை கீழே என்று போகணும். ஒவ்வொரு தடவையும் மேலேயே போனால் ஃபார்முலா எதிர்காலத்தைப் பார்க்கிறது. நண்பருடைய பழைய ஃபைலில் நான் இருபது தடவை அழுத்தினேன். இருபது தடவையும் பணக்காரர் ஆனார்.

மூன்றாவதாகப் பலர் சொல்வது, டேட்டாவைப் பாதியில் வெட்டிவிட்டுப் பழைய சிக்னல்கள் மாறுகிறதா என்று பார்ப்பது. நல்ல சோதனைதான். பத்து வருஷத்தின் உச்ச விலையையும் அடிமட்ட விலையையும் வைத்து சிக்னல் போடுகிற தப்பை அது பிடிக்கும். ஆனா நாம் பேசுகிற இந்தத் தப்பை அது பிடிக்காது. நண்பர் ஃபைலில் சிக்னல் சரியாகத்தான் இருந்தது, அன்றைய தேதி வரைக்கும் உள்ள விலையை மட்டும்தான் அது பார்த்தது. தப்பு இருந்தது பெருக்கலில். வெட்டிப் பார்த்து "பாஸ்" ஆகிவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கினவர்கள் நிறைய.

நாள் கணக்கில் இல்லாமல் 5 நிமிட கேண்டிலில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்ம ஊர் டேட்டாவில் பெரும்பாலும் கேண்டில் தொடங்குகிற நேரம்தான் பதிவாகும். 9:15 என்று இருக்கிற கேண்டிலின் முடிவு விலை 9:20-க்குத்தான் தெரியும். அதைப் பார்த்து 9:15-க்கு வாங்கினால், அஞ்சு நிமிஷம் எதிர்காலம். கம்பெனி ரிசல்ட்டை வைத்துப் பங்கு தேர்ந்தெடுப்பவர்களுக்கு இன்னும் மோசம். மார்ச் 31 என்று தேதி போட்ட வருடாந்திரக் கணக்கை வெளியிட செபி விதிப்படி 60 நாள் வரைக்கும் அவகாசம் இருக்கு. ஏப்ரல் 1-ம் தேதியே அந்த லாபத்தைப் பார்த்து வாங்கியதாக பேக்டெஸ்ட் சொன்னால், அந்தக் கம்பெனியின் ஆடிட்டருக்கே அப்போ அந்த எண் தெரியாது. இங்கே ஒரு வரிசை தள்ளினால் போதாது, ரிசல்ட் வெளியான தேதியை எடுத்து அதற்கு மறுநாளிலிருந்துதான் ஆரம்பிக்கணும்.

எனக்கு இதில் கோபம் வருகிற இடம் ஒன்று இருக்கு. நண்பர் இந்த விதியைத் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. காசு கட்டிப் படித்த ஒரு வகுப்பில் கொடுத்த ஃபைல் அது. அவர் நாளை மட்டும்தான் மாற்றியிருந்தார், `=D5*E5` அங்கேயே இருந்தது. சொல்லிக்கொடுத்தவர் தெரியாமல் செய்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. நானும் முதல் முதலாகப் போட்ட ஃபைலில் இதையேதான் செய்தேன், இரண்டு நாள் சந்தோஷமாகவும் இருந்தேன். ஆனா அடுத்தவரிடம் காசு வாங்குகிறவர், முடிவெடுத்த விலை எது, வாங்கிய விலை எது என்ற இரண்டையும் ஃபைலின் முதல் வரியில் எழுதிக் கொடுக்கணும் என்பது என் கருத்து. பழைய லாபத்தையும் எதிர்பார்க்கும் லாபத்தையும் சொல்லி அல்கோ விற்கிற தளங்களோடு புரோக்கர்கள் சேரக்கூடாது என்று செபி 2022 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை விட்டது. எக்ஸெல் ஃபைல் கொடுக்கிற வகுப்புக்காரரிடம் நாமேதான் கேட்கணும். கேட்கும்போது "பேக்டெஸ்ட் பண்ணீங்களா சார்?" என்று கேட்காதீங்க, எல்லாரும் ஆமாம் என்பார்கள். "எந்த செல்லை எந்த செல்லோடு பெருக்கியிருக்கீங்க?" என்று கேளுங்க.

நண்பர் பத்து நாள் பேசவே இல்லை. பிறகு ஒரு ஃபைல் வந்தது. அதே பங்கு, 200 நாள் சராசரி, மறுநாள் தொடக்க விலை. பத்து வருஷத்தில் 5 லட்சம் 11 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. பக்கத்திலேயே, பங்கை வாங்கிச் சும்மா வைத்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று அவராகவே ஒரு பத்தி சேர்த்திருந்தார். அது இதைவிடக் கொஞ்சம் அதிகம். "மேடம், இதுல எஸ்டிடி, புரோக்கரேஜ், வரி எல்லாம் எப்படிக் கழிக்கிறது? ஜூலை இப்போதைக்கு இல்லை" என்று எழுதியிருந்தார். செலவுக் கணக்கை அடுத்த வீடியோவில் அவர் ஃபைலை வைத்தே போட்டுக் காட்டுகிறேன், அனுமதி வாங்கிவிட்டேன்.